வீரபத்ராசனம் 2: படத்தில் முழங்கால் ஏன் தாண்டித் தெரிந்தது

இந்த யோகாசனத்தில் வளைத்த முழங்கால் கணுக்காலைத் தாண்டியிருப்பதாக, போனில் எடுத்த என் படம் காட்டியது. பாதங்களின் இடைவெளியைக் கூட்டியும் மாறவில்லை. போன் தொப்புளுக்கு நேரே இருந்தது. முழங்கால் உள்ளே சரிந்தால் கேமராவை நெருங்கும். அதனால் படத்தில் ஓரம் நோக்கித் தள்ளித் தெரியும்.

போனை 3 மீட்டர் தள்ளி, முன் கணுக்காலுக்கு நேரே, முழங்கால் உயரத்தில் சாய்க்காமல் வைத்தேன். இந்தப் படத்தில் கெண்டைக்கால் கதவுச் சட்டத்துக்கு இணையாகவே இருந்தது, முழங்கால் தாண்டவில்லை.

முன்பாதத்தின் திசையிலிருந்து எடுத்த இன்னொரு படத்தில்தான் உண்மையான சரிவு தெரிந்தது. முழங்காலைச் சுண்டுவிரல் பக்கம் அழுத்தியதும் சரியானது. இடுப்பு வளைவும் இந்தப் படத்தில்தான் தெரியும். இடுப்பெலும்புகள் சமமா என்பதற்குத் தொப்புளுக்கு நேரே எடுத்த முதல் படம் போதும். தொளதொள சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள், துணி ஏமாற்றும்.