வரிச்சலுகையால அரசாங்கம் விட்ட காசு ஆற்ற கைக்குப் போச்சு? சீனியை வச்சுக் கணக்குப் பாக்கிற முறை

பட்ஜெட் வந்த உடன எங்கட ஆக்கள் பாக்கிறது வன்னிக்கு என்ன ஒதுக்கியிருக்கு, எந்த ரோட்டுக்கு, எந்தக் குளத்துக்கு எண்டுதான், அது பாக்கத்தான் வேணும். ஆனா அரசாங்கம் கையால குடுக்கிற காசு மாதிரியே, வாங்காம விடுற வரியும் ஒரு செலவுதான். அதைத் தனியா எழுதி வைக்கிறதுதான் வரிச் செலவினக் கூற்று, சலுகையால கைவிட்ட வருமானத்தின்ர கணக்கு. 2023 இல ஐ.எம்.எஃப் திட்டம் தொடங்கின பிறகு நிதி அமைச்சு இதை வெளியிட்டு வருது, `treasury.gov.lk` இல தேடினா எடுக்கலாம்.

அந்தக் கூற்றில மொத்தத் தொகைகள்தான் இருக்கும், ஆர் லாபப்பட்டது எண்டு எழுதியிருக்காது. அதை நாங்கள்தான் போடோணும். நான் எடுக்கிறது சீனி, ஏனெண்டா கிளிநொச்சிச் சந்தையில இருந்து மாங்குளத்துப் பெட்டிக்கடை வரைக்கும் எல்லாருக்கும் அதின்ர விலை தெரியும்.

படி 1: வர்த்தமானியை எடுங்கோ

2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி வர்த்தமானியில சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டைக் கிலோவுக்கு 50 ரூபாவில இருந்து 25 சதமாக் குறைச்சவை. அதுக்குப் பிறகு 2023 நவம்பர் தொடக்கத்திலதான் திருப்பி 50 ரூபாவாக்கினவை. பழைய வர்த்தமானிகள் `documents.gov.lk` இல இருக்கு. பேப்பர்ச் செய்தியை நம்பாம வர்த்தமானியையே திறவுங்கோ, செய்தியில வீதம் சரியா இருந்தாலும் எந்தத் திகதியில இருந்து நடைமுறை எண்டது பலதரம் விடுபட்டிடும், திகதி மாறினா அளவும் மாறிடும்.

படி 2: எந்த வரியோட ஒப்பிடுறது (இதில நிண்டு நிதானமாப் பாருங்கோ)

எல்லாரும் தடக்குப்படுற இடம் இதுதான். கைவிட்ட வருமானம் எண்டா "வழமையா வரவேண்டிய வரி கழித்தல் உண்மையா வந்த வரி". அப்ப வழமை எது? சலுகைக்கு முதல் இருந்த 50 ரூபாவோ? இல்லாட்டி மற்றச் சாமானுக்கு இருக்கிற பொது வரியோ? இந்த அறவீடு போடுற பண்டத்துக்குச் சுங்கத் தீர்வை, வற் மாதிரியான மற்ற வரிகள் இறக்குமதியில தனியா இல்லை, அதுகளுக்குப் பதிலாத்தான் இது. அதால கேள்வி இன்னும் சிக்கலாகுது.

எண்ணை மாத்திப் பாத்தா விளங்கும். சீனி துறைமுகத்துக்கு வந்து சேருற விலை கிலோ 80 ரூபா எண்டு வைப்பம். வழமை 50 ரூபா எண்டா அரசாங்கம் விட்டது கிலோவுக்கு 49.75. ஆனா தீர்வையை விட்டிட்டு அப்ப இருந்த 8% வற்றை மட்டும் வழமையா எடுத்தா, இறக்குமதியில வந்து சேருற விலைக்கு மேல 10% கூட்டித்தான் வற் போடுறது எண்டபடியால், கிலோவுக்கு 7 ரூபாக்குக் கிட்டத்தான் வரும். ஒரே சீனி, ஒரே சலுகை, தொகை ஏழு மடங்கு வித்தியாசம். அதால எந்த அறிக்கையை வாசிச்சாலும் முதல்ல அதின்ர செய்முறைப் பகுதிக்குப் போய், என்னத்தை வழமையா எடுத்தவை எண்டு பாருங்கோ, இல்லாட்டி ரெண்டு வருசத்து அறிக்கையை ஒப்பிடவே ஏலாது. நான் இதுக்கு 50 ரூபாவை எடுக்கிறன், ஒரு வர்த்தமானியின்ர விளைவைத்தான் நான் அளக்கிறன் எண்டபடியால்.

படி 3: பெருக்குங்கோ

ஃபோனில செய்யாதேங்கோ, லிப்ரெஒபிஸ் கல்க் சும்மா கிடைக்குது, கணினியில போடுங்கோ. B இல பழைய வீதம், C இல புது வீதம், D இல இறக்குமதி கிலோவில.

```
=(B2-C2)*D2
```

மாசம் 50,000 தொன் வருது எண்டு வச்சா 5 கோடி கிலோ, தர 49.75, கிட்டத்தட்ட 2.49 பில்லியன் ரூபா. உண்மை அளவு சுங்கத்தின்ர தரவில மாசம் மாசமா இருக்கும், சலுகை வந்த உடன கனக்க இறக்குவினம், அதால சராசரியைப் போடாம அந்தந்த மாசத்து அளவைப் போடுங்கோ. 2021 இல பாராளுமன்றப் பொது நிதிக் குழுவில இந்தச் சீனிச் சலுகையால முதல் சில மாசத்தில போன வருமானம் கிட்டத்தட்ட 16 பில்லியன் எண்டு சொல்லப்பட்டது. அந்த மாசங்களுக்கு உங்கட கணக்கு அந்தப் பக்கம் வந்தா சரியான பாதையிலதான் இருக்கிறியள்.

படி 4: அந்த 49.75 ஆற்ற கைக்குப் போச்சு

கடையில விலை எவ்வளவு குறைஞ்சது எண்டு மட்டும் பாத்தா பிழைக்கும். உலக விலையும் டொலரும் ஏறியிருந்தா வியாபாரியை அநியாயமாக் குற்றம் சொல்லுவம். அதால சில்லறை விலையில இருந்து வந்து சேர்ந்த விலையையும் வரியையும் கழிச்சு, இடையில மிச்சம் நிக்கிறதைப் பாக்கோணும். கீழ இருக்கிற எண்கள் விளக்கத்துக்கு நான் வச்சது, உண்மை எண்ணை நீங்கள் போடுங்கோ.

முதல்: வந்து சேர்ந்த விலை 75, வரி 50, கடை விலை 140, இடையில 15.
பிறகு: வந்து சேர்ந்த விலை 80, வரி 0.25, கடை விலை 115, இடையில 34.75.

கடை விலை 25 ரூபா குறைஞ்சது, அது வாங்கின சனத்துக்கு. 5 ரூபா உலக விலை ஏத்தத்துக்குப் போச்சு. இடையில நிண்டது 15 இல இருந்து 34.75 ஆகியிருக்கு, அதாவது 19.75 ரூபா இறக்குமதி செய்தவை, மொத்த வியாபாரி, கடைக்காரர் எண்ட சங்கிலிக்குள்ள போச்சு. மூண்டையும் கூட்டினா 49.75 வரும், வராட்டி எங்கயோ எண் பிழை. அந்தச் சங்கிலிக்குள்ள ஆருக்கு எவ்வளவு எண்டு இந்தக் கணக்கால சொல்ல ஏலாது, அதுக்கு மொத்த விலை தனியா வேணும். புதுக்குடியிருப்பில சின்னக் கடை வச்சிருக்கிறவர் கிலோவில ஒரு ரூபா ரெண்டு ரூபாதான் பாக்கிறவர், அவரையும் கப்பலில இறக்கிறவரையும் ஒண்டாப் போடாதேங்கோ.

சனத்துக்கு வந்த 25 ரூபாவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. மாசம் 4 கிலோ வாங்கிற வீட்டுக்கு 100 ரூபா மிச்சம். மாசம் 1,000 தொன் வாங்கிற ஒரு சோடாக் கொம்பனிக்கு அதே 25 ரூபாவால 2.5 கோடி. ஏழைச் சனத்துக்காகக் குறைச்சம் எண்டு சொல்லுற சலுகை, கிலோக் கணக்கில போகேக்க கூட வாங்கிறவனுக்குத்தான் கூடப் போகும். இதே காசை வறிய குடும்பத்துக்கு நேராக் குடுத்திருக்கலாம் எண்டதுதான் என்ர நிலைப்பாடு.

காலத்தையும் நீட்டிப் பாருங்கோ. 25 சத வரி இருந்த காலத்திலதான், 2021 ஆவணியில சீனி கிலோ 200 ரூபா தாண்டிப் போய், களஞ்சியங்களைச் சோதிச்சு அவசரகால விதி வரைக்கும் வந்தது. ஒரு மாசத்து விலையை மட்டும் எடுத்து சலுகை வேலை செய்தது எண்டோ செய்யேல்லை எண்டோ முடிக்கக் கூடாது, குறைஞ்சது ஒரு வருசம் போடுங்கோ.

இன்னொண்டு, சலுகையை எடுத்திட்டா அந்த முழுக் காசும் திரும்பி வரும் எண்டு நினைக்காதேங்கோ. விலை ஏறினா சனம் குறைச்சு வாங்கும், இறக்குமதியும் குறையும். கூற்றில இருக்கிறது இதே அளவு சாமான் வந்திருந்தா எண்ட கணக்கு மட்டுந்தான்.

பிற்சேர்க்கை (வாசிச்ச ஒராள் கேட்டதுக்கு)

நெடுங்கேணியில இருந்து ஒரு தம்பி கேட்டவர், "அண்ணை, அரிசிக்கு வற் இல்லை, அப்ப விலையை 18% ஆல பெருக்கினா விட்ட காசு வருமோ?" வராது தம்பி. வற் விலக்கு உள்ள சாமானை விக்கிற மில்காரர், தான் வாங்கின டீசல், மெசின் பாகங்களுக்குக் கட்டின வற்றைத் திருப்பி எடுக்க ஏலாது. அரிசி 200 ரூபா எண்டு வச்சா 18% 36 ரூபா, ஆனா அதுக்குள்ள அவர் ஏற்கனவே கட்டின வற் 6 ரூபா இருந்தா அரசாங்கம் விட்டது 30 தான். அந்த 6 ரூபா நெல்லு விலையிலயோ அரிசி விலையிலயோதான் இறங்கும். ஏற்றுமதிக்குப் பூச்சிய வீதம் எண்டு இருக்கிறது வேற, அதில கட்டினதைத் திருப்பி எடுக்கலாம், வற் எண்டதே உள்ளூரில பாவிக்கிறதுக்கான வரி எண்டபடியால் அதைச் சலுகைக் கணக்கில சேர்க்கிறதில்லை. உங்கட தாளில இந்த ரெண்டையும் வேற வேற நிரலில போடுங்கோ.