போட்டோவில் வந்த பிளட் ரிப்போர்ட்: HGB, MCV வரிகளை வாசிப்பது எப்படி?

1. முதலில் படத்தைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கும்போது தசமப் புள்ளி மங்கிப்போகும், 9.4 என்பது 94 போலத் தெரியும். தாளை மேசையில் விரித்து, நேர் மேலிருந்து படமெடுத்து, ‘டொகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாய்வாக எடுத்தால் ஒரு வரியின் எண்ணை அடுத்த வரியோடு சேர்த்து வாசித்துவிடுவோம்.

புள்ளியில் சந்தேகம் வந்தால், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் HCT வரியைப் பாருங்கள். அது ஹீமோகுளோபின் அளவான HGB எண்ணைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும். HCT 29.9 என்றால் HGB 9.4 தான். அலகு g/L என்றிருந்தால் மட்டும் 94 என்பதே சரி, 94 g/L-உம் 9.4 g/dL-உம் ஒரே அளவுதான்.

2. பெயர், வயது, பால், திகதி

ஆண், பெண், குழந்தை, கர்ப்பிணி ஆகியோருக்கு வரம்புகள் வேறு. வயதைத் தவறாகப் பதிந்திருந்தால் பக்கத்திலுள்ள வரம்பும் தவறிவிடும்.

3. வரம்பு என்றால் என்ன?

ஆரோக்கியமான பலரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் எண்களையே வரம்பாக அச்சிடுகிறார்கள். அதனால் நோயில்லாத இருபது பேரில் ஒருவருக்கும் கூடுதல் என்று H அல்லது குறைவு என்று L விழலாம்.

மலையகத்தில் இன்னொன்றும் உண்டு. உயரத்தில் ஒட்சிசன் குறைவு என்பதால் உடல் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. உலக சுகாதார அமைப்பின் 2024 வழிகாட்டலின்படி, 1000 முதல் 1499 மீற்றர் உயரத்தில் வசிப்பவருடைய HGB எண்ணிலிருந்து 0.8 g/dL கழித்துப் பார்க்க வேண்டும். ஹட்டன் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு பெண்ணுக்கு 12.3 வந்தால் ரிப்போர்ட்டில் L இருக்காது. ஆனால் கழித்தால் 11.5, அதாவது 12 என்ற எல்லைக்குக் கீழே. லேப் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறதா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

4. ஓர் உதாரணம்

கொழுந்து பறிக்கும் 34 வயதுப் பெண், கர்ப்பிணி அல்ல. HGB 9.4. சிவப்பணுவின் சராசரிப் பருமனான MCV 68, அதன் வரம்பு 80–100. முதல் எண் இரத்தச்சோகை என்கிறது. இரண்டாவது, சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதைக் காட்டுகிறது. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் இப்படி ஆகும். ஆனால் பரம்பரையாக வரும் தலசீமியாவிலும் அணு சிறுக்கும். இரண்டையும் பிரித்தறிய, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் ‘பிளட் பிக்சர்’ போன்ற சோதனைகள் தேவை. ஆகவே தாமாகவே இரும்புக் குளிசை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக்கூடாது. டொக்டர் குளிசை கொடுத்தால், அதோடு பிளேன்டீ குடிக்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது.

5. எப்போது டொக்டரிடம்?

இந்த 9.4-க்கு ஒரு வாரத்துக்குள் காட்டலாம். மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகிறதா என்பதையும் சொல்லுங்கள். ஆனால் HGB 8-க்குக் கீழே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மலம் கறுத்துப் போனாலோ அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சலோடு, இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையான PLT 100,000-க்குக் கீழே இறங்கினாலும் அப்படியே, அது டெங்காக இருக்கலாம். ரிப்போர்ட்டின் அடியில், முதிராத இரத்த அணுக்களைக் குறிக்கும் blast cells என்றோ critical என்றோ எழுதியிருந்தால், மற்ற எண்கள் சரியாக இருந்தாலும், மூலத்தாளையே எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.