சான்றிதழ் வெறும் படமாக மட்டும் இருக்கிறதா? பெயரைத் திருத்தும் வழி

சான்றிதழ் மாதிரியில் "சரவணன்" என்பது "சரவனன்" என்று இருக்கிறது, கையில் இருப்பதோ ஒரே ஒரு JPG. அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றப் பார்க்காதீர்கள். 'ண' அகலமான எழுத்து, பக்கத்து எழுத்துகளோடு இடிக்கும். முழுப் பெயரையும் மறைத்துவிட்டுப் புதிதாக எழுதுவதுதான் சுலபம்.

முதலில் படத்தை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, GIMP போன்ற இலவச மென்பொருளில் திறங்கள். பெயரை வெள்ளை நிறத்தால் பூசினால் திட்டாகத் தெரியும், ஏனென்றால் பின்னணி பெரும்பாலும் தூய வெள்ளையாக இருக்காது. அதற்குப் பதில், பெயருக்கு நேர் மேலேயோ கீழேயோ எழுத்தில்லாத ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, பெயரின் மேல் ஒட்டுங்கள். பட்டை எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். JPG படத்தில் எழுத்தைச் சுற்றி மங்கலான அழுக்குப் புள்ளிகள் இருக்கும், அவையும் மறைய வேண்டும். பெயருக்கு அடியில் கோடு இருந்தால், அதே கோட்டின் காலியான பகுதியையும் சேர்த்து நகலெடுங்கள்.

அப்புறம் புதிய அடுக்கில் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். நிறத்தை, படத்திலுள்ள வேறொரு தடித்த எழுத்தின் நடுவிலிருந்து எடுங்கள். ஓரத்தில் எடுத்தால் வெளிறிப்போகும். எழுத்துரு அச்சாக ஒத்துப்போகவில்லை என்றால், அதே வரியில் உள்ள மற்ற சொற்களையும் சேர்த்து எழுதிவிடுங்கள், வித்தியாசம் கண்ணில் படாது.

சரி, முடிந்ததும் அடுக்குகள் தனித்தனியாகவே இருக்கும் GIMP-இன் XCF கோப்பாக ஒன்று சேமித்து வையுங்கள், அடுத்த பெயருக்கு உதவும். அச்சுக்கு PNG ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.