லென்ஸ் சிக்கிய காம்பாக்ட் கேமரா: ரிப்பேருக்கு முன் நாம் செய்யும் தவறுகள்

கேமராவை ஆன் செய்கிறோம். லென்ஸ் பாதி தூரம் வெளியே வருகிறது, கர்ரென்று ஒரு சத்தம், அப்படியே நின்றுவிடுகிறது. திரையில் "Lens error, restart camera" என்று வரும். பழைய கேனான் மாடல்களில் வெறும் "E18" என்று மட்டும் வந்து நிற்கும். பானாசோனிக்கில் "System Error (Zoom)" என்று வரலாம். எழுத்து எப்படி இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: லென்ஸ் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ, அங்கே அது போய்ச் சேரவில்லை.

அந்தச் செய்தி எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே புரிந்துவிடும். காம்பாக்ட் கேமராவின் லென்ஸ் என்பது அடுக்கு டம்ளர்கள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய சில குழாய்கள். உள்குழாயின் வெளிப்புறத்தில் சின்னச் சின்ன முளைகள் இருக்கும். அவை வெளிக்குழாயின் உட்பக்கத்தில் சாய்வாக வெட்டப்பட்ட காடிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரு குட்டி மோட்டார், சில பிளாஸ்டிக் கியர்கள் வழியாகக் குழாயைத் திருப்பும்போது, முளைகள் காடியில் ஏறி லென்ஸை வெளியே தள்ளுகின்றன. மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பதை உள்ளே இருக்கும் ஒளி சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். எதிர்பார்த்த நேரத்துக்குள் எண்ணிக்கை வரவில்லை என்றால், கேமரா மோட்டாரை நிறுத்திவிட்டு எரர் காட்டுகிறது. அதாவது, கேமரா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நின்றிருக்கிறது. அதற்கு அப்புறம் நாம் செய்யும் காரியங்கள்தான் பல சமயம் சின்னக் கோளாறைப் பெரிய ரிப்பேராக மாற்றுகின்றன.

முதல் தவறு, பவர் பட்டனை விடாமல் அழுத்துவது. திரையே "restart" என்று சொல்வதால் இதைத் தவறு என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு முறை செய்து பார்ப்பது சரி. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடங்கள் விட்டு, திரும்பப் போட்டு இன்னொரு முறை பார்ப்பதும் சரி. ஆனால் காடிக்குள் ஒரு மணல் துகள் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மோட்டார் அதே துகளின் மேல் மோதுகிறது. துகள் காடியைக் கீறும், அல்லது கியரின் பல் தேயும். கர்ரென்ற சத்தம் டக் டக் என்று மாறினால், பல் நழுவுகிறது அல்லது உடைந்துவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் விதி இதுதான்: ஏதாவது ஒன்றை மாற்றிய பிறகுதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும். பேட்டரியை மாற்றினீர்களா, தூசியைத் தட்டினீர்களா, அதற்கப்புறம் ஒரு முறை. எதையும் மாற்றாமல் அழுத்துவது சேதத்தைத்தான் கூட்டும்.

இரண்டாவது தவறு இன்னும் மோசம்: கையால் இழுப்பது, அமுக்குவது, திருகுவது. மோட்டார் குழாயைத் திருப்ப முடியும். குழாயை அமுக்கினால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றாது. நடுவில் இருக்கும் கியர்கள் வேகத்தைப் பல மடங்கு குறைக்கும்படி அமைந்தவை. அதனால் உங்கள் விரலின் பலம் முழுவதும் அந்தச் சின்ன முளைகளின் மேலும் கியர் பற்களின் மேலும்தான் இறங்கும். முளை காடியை விட்டு வெளியே வந்துவிட்டால், குழாய் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அப்புறம் உள்ளே இருந்த மணலை எடுத்தாலும் லென்ஸ் நகராது.

தட்டி, அமுக்கிச் சரிசெய்யும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. சில கேமராக்கள் அப்படிச் சரியாவதும் உண்மை. கீழே விழுந்து முளை நழுவிய லென்ஸை, சாய்ந்த பக்கம் மெல்ல அழுத்தித் திரும்ப உட்கார வைப்பது அனுபவம் உள்ளவர்கள் செய்யும் வேலைதான். ஆனால் அமுக்கி உடைந்த கேமராவை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை. வாரன்டி முடிந்து, ரிப்பேர் செய்ய மனமும் இல்லாமல், தூக்கிப் போடத் தயாராக இருக்கும் கேமராவில் மட்டும் அதை முயன்று பாருங்கள்.

மூன்றாவது, எண்ணெய். சிக்கிய எதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும் என்ற பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. எண்ணெய் இடுக்கு வழியாக ஊர்ந்து லென்ஸ் கண்ணாடிகளின் மேல் படலமாகப் படியும். ஷட்டர் தகடுகளும் அப்பெர்ச்சர் தகடுகளும் உலர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். ஸ்பிரே டப்பாவில் வரும் அழுத்தக் காற்றும் வேண்டாம். டப்பாவைச் சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்து பீறிடும், அதன் வேகம் துகளை இன்னும் உள்ளே தள்ளும். கையால் பிழியும் ரப்பர் புளோயரே போதும்.

திருப்புளியை எடுப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. ஃபிளாஷுக்கான கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது சில காலம் அங்கேயே இருக்கும். உறையைத் திறந்தவுடன் விரல் படுகிற இடத்தில் அது இருக்கும் மாடல்கள் உண்டு. பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது.

சரி, திறக்காமல் என்னதான் பார்க்கலாம்? கடற்கரையிலிருந்து பையில் வந்த ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். லென்ஸ் பாதியில் நிற்கிறது, ஆன் செய்தால் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து எரர் வருகிறது.

முதலில் பேட்டரி. திரை பளிச்சென்று எரிகிறதே என்று நம்பிவிடக்கூடாது. திரைக்குத் தேவைப்படும் மின்சாரத்தைவிட லென்ஸ் மோட்டார் கிளம்பும் நொடியில் அதிகம் தேவைப்படும். பழைய பேட்டரி அந்த நொடியில் சோர்ந்துவிடும், லென்ஸ் பாதியில் நிற்கும். முழுவதும் சார்ஜ் செய்து போடுங்கள். இன்னொரு நல்ல பேட்டரி கிடைத்தால் அதைப் போட்டுப் பாருங்கள். டபுள்-ஏ செல் போடும் கேமரா என்றால் புதிய செல்கள். பேட்டரியின் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நம் கேமராவில் இதைச் செய்தும் எரர் அப்படியே இருக்கிறது.

அடுத்து பிளே பட்டன். பல மாடல்களில் பவர் பட்டனுக்குப் பதிலாக, எடுத்த படங்களைப் பார்க்கும் பட்டனை அழுத்தினால் லென்ஸ் நகராமலேயே கேமரா உயிர்பெறும். படங்கள் தெரிந்தால் பேட்டரி, திரை, கார்டு எல்லாம் நன்றாக இருக்கின்றன, கோளாறு லென்ஸ் பக்கம்தான் என்று தெளிவாகிவிடும். தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு படங்களை எடுத்துக்கொள்ளலாம். நம் கேமராவில் படங்கள் வருகின்றன.

இனி பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் லென்ஸைச் சுற்றிலும் பாருங்கள். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா? ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்திருந்தால் குழாய் சாய்ந்துவிட்டது, முளை நழுவியிருக்கலாம், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நம் கேமராவில் இடைவெளி சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் கீழ்ப்பக்கத்தில் பழுப்பாக இரண்டு மூன்று துகள்கள் பளபளக்கின்றன.

லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கேமராவைப் பிடியுங்கள். துகள் வெளியே விழ வேண்டும், உள்ளே போகக்கூடாது என்பதற்காகத்தான் இந்தத் திசை. புளோயரை இடுக்குக்கு நேராகக் குத்தாமல் பக்கவாட்டில் சாய்த்து, சுற்றிலும் ஊதுங்கள். பிறகு ஒரு கெட்டியான தாளின் ஓரத்தை இடுக்கில் சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து, குழாயைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். ஊசி, பிளேடு, உலோகம் எதுவும் கூடாது. ஆழமாகவும் போகக்கூடாது, உள்ளே தூசி தடுக்கும் மெல்லிய வளையம் இருக்கலாம். மறுபடி ஊதுங்கள். லென்ஸ் கீழ்நோக்கியபடியே இருக்க, பேட்டரியைப் போட்டு ஒரு முறை ஆன் செய்யுங்கள்.

அந்த ஒரு முறையில் காது கொடுத்துக் கேளுங்கள். லென்ஸ் முன்பைவிடக் கொஞ்சம் அதிக தூரம் வந்து நின்றால் துகள் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். ஊதுவதை இன்னும் ஒரு முறை திரும்பச் செய்யலாம். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, லென்ஸ் அசையவே இல்லை என்றால் கியர் போயிருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லையென்றால் மோட்டாரோ அதற்குப் போகும் மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிளோ காரணமாக இருக்கலாம். லென்ஸ் முழுவதும் வெளியே வந்து, அதற்கு அப்புறம் எரர் வந்தால் குழாயில் சிக்கல் இல்லை, உள்ளே ஃபோகஸ் செய்யும் பாகத்தையோ சென்சாரையோ சந்தேகப்பட வேண்டும். இந்தக் கடைசி மூன்றில் எதையும் வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது.

கடல் நீர் பட்ட கேமரா என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பேட்டரியைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யாமல், அப்படியே கொண்டுபோக வேண்டும். உப்பு நீர் உள்ளே இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு வேகமாகப் பரவும்.

சர்வீஸில் கொடுக்கும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்: மணலில் இருந்தது, விழுந்தது, பையில் தானாக ஆன் ஆகி லென்ஸ் முட்டியது, எதுவானாலும். லென்ஸ் எங்கே நிற்கிறது, என்ன சத்தம் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கழற்றுகிறவர் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அது சுருக்கிவிடும். பெரும்பாலும் லென்ஸ் யூனிட்டையே மொத்தமாக மாற்றுவார்கள். சாதாரண கேமராவில் அந்தச் செலவு கேமராவின் இன்றைய மதிப்பைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், வேலை தொடங்கும் முன் மதிப்பீடு கேளுங்கள். சுத்தம் செய்து காடியைச் சரிபார்ப்பதோடு முடிய வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள்.

கார்டைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போகும்போது நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸை உறைக்குள் அடக்கப் பார்க்காதீர்கள். லென்ஸின் முனையில் எதுவும் அழுத்தாதபடி, கேமராவின் உடலைச் சுற்றி மட்டும் துணியைச் சுருட்டி, கொஞ்சம் பெரிய டப்பாவில் வையுங்கள்.