ஐ.எஸ்.பி.என். முன்னெண்: இத்தாலிக்குப் போய்விட்ட தமிழ் நாவல்

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-இல் இலக்கத்தை மாற்றித் தட்டுவது போன்ற பிழைகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம். கடைசியில் இருக்கும் சரிபார்ப்பு இலக்கமே அவற்றைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பதிப்பாளர் எந்த நாட்டில் அல்லது மொழிப் பகுதியில் பதிந்தவர் என்று காட்டும் குழு எண்ணைத் தவறாகப் படித்தால் அப்படி எந்த மணியும் அடிக்காது.

முதல் மூன்று இலக்கத்தை வெட்டி எறிவது

2006 முடியும்வரை ஐ.எஸ்.பி.என். பத்து இலக்கம்தான். 2007 ஜனவரி 1 முதல் முன்னால் 978 சேர்ந்து பதின்மூன்றானது. அந்த 978-ஐ வெறும் ஒட்டுவாலாக நினைத்த பழக்கம் சென்னைப் புத்தகக் கடைகளின் எக்செல் பட்டியல்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது:

```
=MID(A2,4,2)
```

81 அல்லது 93 வந்தால் இந்தியா, 83 வந்தால் போலந்து, 88 வந்தால் இத்தாலி. எண் 978-இல் தொடங்கும்வரை இந்த நாடுகளுக்கு இது சரி. 979 வந்ததும் எல்லாம் குழம்புகிறது, ஏனென்றால் 979-க்குப் பின்வரும் குழுக்கள் தனி வரிசை: 8 அமெரிக்கா, 10 பிரான்ஸ், 11 தென்கொரியா, 12 இத்தாலி.

மயிலாப்பூரில் இருக்கும் ஒருவர் தன் தமிழ் நாவலை அமெரிக்கச் சுயவெளியீட்டுத் தளம் ஒன்றில் ஏற்றி, அங்கே இலவசமாகத் தரும் எண்ணை வாங்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். எண் 9798861… என்று தொடங்குகிறது. சூத்திரம் 979-ஐத் தாண்டி 88-ஐ எடுக்கிறது. தமிழ் நாவல் இத்தாலியப் புத்தகமாகிவிடுகிறது. உண்மையில் அது 979, பிறகு 8, அதாவது அமெரிக்கக் குழு. அடுத்த 8 பதிப்பாளர் எண்ணின் தொடக்கம். அங்கே 3 இருந்திருந்தால் நாவல் போலந்துக்குப் போயிருக்கும்.

உங்கள் பட்டியலில் காரணமில்லாமல் இத்தாலியும் போலந்தும் தலைகாட்டினால் முதலில் 9798 என்று தேடிப் பாருங்கள். இன்னொன்று: 979 எண்ணுக்குப் பத்து இலக்க வடிவம் கிடையாது. மென்பொருள் ஒன்றை உருவாக்கித் தந்தால் அது பொய் எண்.

சங்கடம் இதோடு முடியவில்லை. 978-க்குப் பின் வரும் 979 இந்தோனேசியா. ஆகவே பழைய இந்தோனேசியப் புத்தகத்தின் பத்து இலக்க எண்ணும் 979 என்றே தொடங்கலாம். எத்தனை இலக்கம் என்று எண்ணிவிட்டு அப்புறம் படியுங்கள்.

குழு எண் எப்போதும் இரண்டு இலக்கம் என்பது

978-க்கு அடுத்த இரண்டு இலக்கம் 80 முதல் 94 வரை இருந்தால் குழு எண் இரண்டு இலக்கம். 95 முதல் 98 வரையும், 60 முதல் 64 வரையும் மூன்று இலக்கம். இலங்கையின் 955, 624 இரண்டும் இப்படித்தான் வருகின்றன. 95 என்று நிறுத்தினால் அப்படி ஒரு குழுவே இல்லை. 99-இல் தொடங்குபவை நான்கு அல்லது ஐந்து இலக்கம். சிங்கப்பூருக்கு 981-உம் உண்டு, 9971-உம் உண்டு.

93 என்றால் தமிழா?

இல்லை. பதிப்பாளர் இந்தியாவில் பதிந்தவர், அவ்வளவுதான்.

பட்டைக்கோடு 890 என்று தொடங்கினால்

அது ஐ.எஸ்.பி.என். அல்ல, சரக்கு எண். ஐ.எஸ்.பி.என். வேண்டுமானால் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டுங்கள்.