பட்ஜெட்டில் பூஜ்யம் வந்தும் ஜனவரியில் பணம் போதாமல் போவது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவன் ஜூன் மாதம் தன் கணக்கு நோட்டை என்னிடம் காட்டினான். வீட்டிலிருந்து வந்தது 9,000 ராண்ட். வாடகை 4,000, சாப்பாடு 2,200, டாக்சி 800, மின்சாரம் 300, டேட்டா 300, கைச்செலவு 1,400. கடைசி வரியில் பூஜ்யம். "ஒரு ராண்டுகூட மிச்சமில்லாம ஒதுக்கிட்டேன்கா" என்றான். முதல் வருஷம் நான் எழுதிய கணக்கும் ஏறக்குறைய இதேதான். அதனால் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் ஒதுக்கும் தொகையைப் பெட்டி என்கிறேன். அதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இவை.

வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுக்குப் பெட்டி இல்லாதது

பூஜ்ய பட்ஜெட் என்றால் வந்த பணம் முழுவதையும் ஏதாவது ஒரு வேலைக்கு ஒதுக்கிவிடுவது. ஒதுக்க வேண்டிய மிச்சம்தான் பூஜ்யமாக வேண்டும், வங்கிக் கணக்கு அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அந்த மாதத்துச் செலவுகளை மட்டும் எழுதிப் பூஜ்யத்தைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டு மாணவருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். என் கல்லூரியில் அடுத்த வருஷம் முழுவதற்குமான சந்தாவைக் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் பதிவு செய்ய விட்டார்கள். எனக்கு அது ஜனவரியில்தான் உறைத்தது. அறைத்தோழியிடம் கடன் வாங்கிக் கட்டினேன். அதைத் திருப்பிக் கொடுக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் சாப்பாட்டுப் பணத்தில்தான் கைவைத்தேன். எதிர்பாராத செலவு வந்துவிட்டது என்று அன்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், தேதியோடு தெரிந்திருந்த செலவு அது. இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இது.

தம்பிக்குச் சந்தா 6,600 ராண்ட். எடுத்துச் சொன்னதும் 12-ஆல் வகுத்து 550 என்று எழுதினான். இதிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ஜூனில் தொடங்கினால் ஜனவரிக்குள் அவன் கைக்கு எட்டு முறைதான் பணம் வரும். 550 வீதம் சேர்ந்தால் 4,400, அதாவது 2,200 குறையும். கட்ட வேண்டிய நாளுக்கு முன் எத்தனை முறை பணம் வரும் என்று எண்ணி, அந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும். 6,600-ஐ எட்டால் வகுத்தால் 825.

அடுத்தது விசா. அவனுடையது அடுத்த ஜூலைக் கடைசியில் முடிகிறது. நீட்டிப்புக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் பணம் மே மாதமே தேவை. கட்டணங்களும் போட்டோ, நகல் செலவும் சேர்த்து 3,600 என்று வைத்தோம். ஜூன் முதல் மே வரை 12 முறை பணம் வரும், ஆக மாதம் 300.

இரண்டும் சேர்த்து 1,125. கைச்செலவை 475 ஆகவும் சாப்பாட்டை 2,000 ஆகவும் குறைத்தான். மற்றவை அப்படியே. கூட்டினால் மறுபடி 9,000, மிச்சம் பூஜ்யம். இந்த முறை அந்தப் பூஜ்யத்துக்குள் ஜனவரியும் மே மாதமும் இருந்தன.

சரி, எழுதியாகிவிட்டது. இந்த 1,125-ஐச் செலவுக் கணக்கிலேயே விட்டுவைத்தால் செல்போனில் இருப்பைப் பார்க்கும்போதெல்லாம் கையில் பணம் இருப்பதுபோலத் தோன்றும். பணம் வந்த அன்றே தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது.

பற்றாக்குறைக்கு அந்தப் பெட்டியைத் திறப்பது

சாப்பாட்டில் 150 ராண்ட் கூடிவிட்டால் அன்றைக்கே இன்னொரு பெட்டியில் 150 குறைத்து எழுத வேண்டும். இந்த பட்ஜெட்டின் விதியே அதுதான். ஆனால் எல்லோரும் முதலில் தொடுவது காப்பீட்டுப் பெட்டியைத்தான், ஏனென்றால் அது இந்த மாதம் வலிக்காது. கைச்செலவிலிருந்து எடுங்கள். அது தீர்ந்தால் டேட்டாவைக் குறையுங்கள்.

வாரச் செலவை நான்கால் பெருக்குவது

மினிபஸ் டாக்சிக்கு ரொக்கம்தான். வாரம் 200 என்று 800 எடுத்து வைத்தால், பணம் வர 33 நாள் ஆகும் மாதத்தில் ஐந்தாவது வாரம் நடக்க வேண்டியிருக்கும். அடுத்த பணம் வரும்வரை எத்தனை நாள் வகுப்பு இருக்கிறது என்று எண்ணிப் பெருக்குங்கள்.

வராத பணத்தை ஒதுக்குவது

அப்பா அனுப்பும் ரூபாய் மாறாது, கைக்கு வரும் ராண்ட் மாறும். கணக்கில் ஏறிய பிறகு எழுதுங்கள்.

'இதர செலவு' பெட்டி

வேண்டாம்.