முகம் கழுவும் திரவத்தின் பி.எச். 5.5-ஐ ஒட்டி இருந்தால், 'பி.எச். சமன் செய்யும்' டோனருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம்

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பே லேசான அமிலத்தன்மை கொண்டது, அமில-கார அளவைக் காட்டும் அதன் பி.எச். எண் ஏறக்குறைய 5. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். சாதாரண சோப்புக்கட்டியின் பி.எச். 9 முதல் 10 வரை. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதால் இது சிறிய இடைவெளி அல்ல. சோப்பால் கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடிப்பது போலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சோப்பால் தோலில் ஏறும் பி.எச்.-ஐ இறக்கத்தான் அத்தகைய டோனர்கள் வந்தன. ஏற்றமே இல்லாதபோது இறக்க என்ன இருக்கிறது? சோப்பு போட்டாலும் தோல் சில மணி நேரத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இறந்த செல்களை உரித்தெடுக்கும் கிளைகோலிக் அமிலம் உள்ள டோனருக்கு இது பொருந்தாது. அதன் புளிப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பி.எச். 3.8-இல் அந்த அமிலத்தில் பாதி, தோலுக்குள் எளிதில் இறங்கும் வடிவில் இருக்கும், 4.8-இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது 10 சதவீதம் என்று அச்சிட்ட இரண்டு புட்டிகளில் ஒன்று 5 சதவீதம் போலவும் மற்றொன்று 1 சதவீதத்துக்கும் குறைவாகவும் வேலை செய்யும். ஆகவே சதவீதத்தோடு பி.எச். எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

சவரம் செய்த உடனேயும், தோல் உரிந்தோ வெடித்தோ இருக்கும்போதும் இவ்வகை டோனரைத் தொடவே வேண்டாம். லேசான குறுகுறுப்பு இயல்பு. எரிச்சலும் சிவப்பும் நீடித்தால் உடனே கழுவிவிடுங்கள்.